நாற்பத்தேழாம் இலக்கப் பில்

வங்கிப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து ரூபா இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. ஒன்று ஜூலையில், மற்றது ஓகஸ்ற்றில். றோசம்மா இரண்டு வரியையும் விரல் வைத்து வாசித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். மகளும் அதையேதான் வாசித்தாள்.

நாயாற்றுக் கரையில் அவளுடைய தகப்பன் விட்டுப்போன சுண்ணாம்புச் சூளை அது. களப்பில் அள்ளிய மட்டியையும் சிப்பியையும் விறகோடு அடுக்கிச் சுட்டு, நீறாக்கி, அரித்து, சாக்கில் கட்டி விற்பார்கள். சூளை வேலை முழுவதும் அவளுடைய புருசன் மரியநேசன் பார்த்தான். எழுத்துவேலை அவளுடையது. கன்னியர் மடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் பில்லை இங்கிலீசில் எழுதி அவளே கையெழுத்து வைப்பாள். சூளையும் வங்கிக் கணக்கும் அவள் பேரில்தான் இருந்தன.

கரையிலிருந்து உள்ளே குடியேற்றக்காரருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு திணைக்களம் இரண்டு வருசமாக அவர்களிடம் சுண்ணாம்பு எடுத்தது. அதன் கணக்கு அலுவலகம் வவுனியாவில் இருந்தது. மே மாதம் முந்நூறு மூடை அனுப்பினார்கள். மூடை மூன்றேகால் ரூபா. பில் இலக்கம் நாற்பத்தேழு. ஜூன் மாதம் காசு வராமல் இருக்க, வேலைத்தலத்தை மேற்பார்க்கும் ஓவசியர் சின்னராசா லொறியோடு வந்து, பில் எங்கேயோ தவறிவிட்டது, இன்னொன்று எழுதித் தந்தால் உடனே அனுப்பிவிடலாம் என்றார். பில் புத்தகத்தில் மிஞ்சியிருந்த கார்பன் பிரதியைப் பார்த்து அவள் அப்படியே எழுதிக் கொடுத்தாள். தலைப்பில் நகல் என்று போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். போடட்டோ என்று கேட்டும் இருந்தாள். தேவையில்லை, அதைப் போட்டால் இன்னும் பத்துக் கேள்வி கேட்பார்கள் என்று ஓவசியர் அவசரப்படுத்தினார். லொறி இரைந்துகொண்டு நின்றது. அவள் போடவில்லை.

தவறிய பில் தவறவில்லை. அது ஏதோ ஒரு கோவைக்குள் கிடந்து ஜூலையில் வெளியே வந்தது. அதற்குக் காசோலை எழுதினார்கள். அவள் மடு திருவிழாவுக்குப் போய் அக்கா வீட்டில் நின்ற நாட்களில், இரண்டாவது பில்லுக்கான காசோலையும் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. மரியநேசனுக்கு இங்கிலீசு வாசிக்க வராது. திணைக்களத்துக் காசு வந்தது என்ற சந்தோசத்தில் அதை வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் கொடுத்து வங்கியில் போட்டுவிட்டான். அவள் திரும்பி வந்தபோது, செக் வந்தது, போட்டாச்சு என்று மட்டும் சொன்னான். ஜூன் மாதம் அனுப்பிய நூற்றிருபது மூடைக்கான காசுதான் அது, முந்நூற்றுத் தொண்ணூறு ரூபா, என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில்தான் விறகுகாரருக்கு நானூறு ரூபா முற்பணம் கொடுக்க வங்கித் தாளில் கையெழுத்தும் வைத்தாள். விறகுகாரர் காட்டுக்குள் போய்விட்டார்கள். அந்தக் காசு இனித் திரும்பாது.

புத்தகத்தை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் புருசனிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

முந்தின வருசம் மணல் கொந்தராத்துக்காரர் ஒருவர் ஒரே மணலுக்கு இரண்டு பில் போட்டார் என்று பிடிபட்டதை அந்தக் கரையில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். பட்டப்பகலில் சந்தைக்கு முன்னால் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி ஜீப்புக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடினாள். றோசம்மா அதைக் கண்ணால் கண்டவள். அந்த மனிதர் வேண்டுமென்றே செய்தார். தான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தாளில் என்ன வித்தியாசம் இருக்கும்? இரண்டு பில், இரண்டிலும் அவளுடைய கையெழுத்து, நகல் என்ற சொல் எங்கேயும் இல்லை.

பத்து நாள் அவள் ஒன்றும் செய்யாமல் இருந்தாள். ஜீப் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். காக்கிக் காற்சட்டை போட்ட ஆள் ஒழுங்கையில் வந்தால் குசினிக்குள் போய்விடுவாள். வந்தவர் ஒருநாள் நுளம்பு மருந்து அடிக்கிற ஆள். மற்றொருநாள் தபால்காரர்.

செப்ரெம்பர் மாதம் முடிய ஒரு கிழமை இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், சூளைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியும் சேர்ட்டும் போட்ட ஒருவர் குடையை மடித்தபடி நின்றார். வவுனியா அலுவலகத்தில் பில்களைப் பார்த்துக் காசுக்கு அனுப்பும் கிளாக்கர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒருமுறை மட்டும் அலுவலகத்தில் அவரைக் கண்டிருக்கிறாள். அப்போது தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னவர். இப்போது வேட்டிக் கரை முழுவதும் சேறாக நின்றார்.

கதிரை கொண்டுவந்து போட்டார்கள். அவர் நுனியில்தான் இருந்தார். தேத்தண்ணிக் கோப்பை கையில் ஆடியது. அதைப் பார்த்ததும் றோசம்மாவுக்குத் தன்னுடைய பயம் இன்னும் கூடியது. அரசாங்கத்து ஆளே இப்படி நடுங்கினால் தன் பாடு என்ன?

அவர் விசயத்தை மெல்லச் சொன்னார். அரசாங்கத்தின் வருசக் கணக்கு செப்ரெம்பர் முப்பதோடு முடிகிறது. அதற்காகப் புத்தகங்களைச் சரிபார்த்தபோது நாற்பத்தேழாம் பில் இரண்டு முறை போயிருப்பதைக் கண்டார். இரண்டு வவுச்சரிலும் சரிபார்த்ததாக அவருடைய ஒப்பம்தான் இருந்தது. புதன்கிழமை கொழும்பிலிருந்து கணக்காய்வுக்காரர் வருகிறார்கள். அரசாங்க ஊழியருக்கு வைத்த சிங்கள மொழிச் சோதனையில் இரண்டு முறை தவறியதால் அவருக்குச் சம்பள உயர்வு ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. மூன்று பிள்ளைகள். இன்னொரு குற்றம் எழுதப்பட்டால் வேலை தங்காது, நட்டக் காசையும் தன் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்றார்.

"தங்கச்சி, காசைத் திருப்பி அனுப்பிப் போடாதேங்கோ," என்றார். "உங்களிட்டையே வைச்சிருங்கோ. ஒக்ரோபரில முந்நூறு மூடை கேட்டு ஆள் வரும். அதைக் குடுத்திட்டுப் பில் போடாமல் விடுங்கோ. கணக்கு நேராகியிடும். ஒருதருக்கும் ஒரு நட்டமும் இல்லை."

மரியநேசன் உடனே தலையை ஆட்டினான். அவனுக்கு அது கடவுள் அனுப்பிய வழிபோல இருந்தது. விறகுக்குக் கொடுத்த காசும் கேட்பாரில்லாமல் போய்விடும், முந்நூறு மூடைக்கு ஓடரும் கையில்.

றோசம்மா யோசித்தாள். இரண்டாம் பில்லுக்கு ஒரு சாமானும் போகவில்லை. ஒக்ரோபரில் கொடுக்கும் சுண்ணாம்பை அதற்குரியதாகக் காட்டுவதென்றால், வேலைத்தலத்துச் சாமான் புத்தகத்தில் மே மாதமே அறுநூறு மூடை வந்ததாக ஓவசியர் எழுத வேண்டும். அவர் எழுதுவாரா? எழுதினாலும், அது யாரோ கண்டுபிடிக்கும்வரை இருக்கும் பொய். இந்த மனிதரை நாளைக்கு வேறு ஊருக்கு மாற்றிவிட்டால், காசு தன்னிடம் இருப்பது எதற்காக என்று சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

அதை அவள் கேட்டாள். காசு எங்களிடம் முற்பணமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதித் தருவீர்களோ என்று கேட்டாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுதமுடியாது என்றார். பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, வேறு விதமாகக் கதைத்தார். திருப்பிக் கொடுக்கப் போனால் அந்தக் காசு எப்படி வந்தது என்று கேட்பார்கள், இரண்டு பில்லையும் மேசையில் வைப்பார்கள், இரண்டும் உங்கள் கையெழுத்து. கிளாக்கரும் சுண்ணாம்புக்காரியும் கூட்டுச் சேர்ந்து செய்தது என்றுதான் எழுதுவார்கள். எனக்கு வேலை போகும், உங்களுக்கு மறியல்வீடு.

அவர் அதைப் பயமுறுத்துவதற்காகச் சொன்னாரா, தனக்கிருந்த பயத்தைச் சொன்னாரா என்று றோசம்மாவால் பிரிக்க முடியவில்லை. போகும்போது அவர் வாசலில் நின்று கைகூப்பினார். தன்னைவிட மூத்த ஒருவர், கவுண்மேந்து உத்தியோகத்தர், தன்னைக் கும்பிடுவதைப் பார்க்க முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாள் வீட்டில் இதே கதைதான். மரியநேசன் வைத்திருக்கலாம் என்றான். அவன் கோபக்காரன் இல்லை, ஆனால் மாரி வருகிறது, மழை தொடங்கினால் சூளை மூன்று மாதம் எரியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் சாப்பிடாமல் இருந்தாள். புதன்கிழமை பின்னேரம், கொழும்பு ஆட்கள் இப்போது அந்தப் புத்தகங்களைப் பிரித்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் அவளால் இருக்க முடியவில்லை.

"அவங்களாக் கண்டுபிடிச்சு வந்தால் கள்ளி," என்றாள் புருசனிடம். "நானாப் போனால் என்னவோ தெரியாது. ஆனா நான் போறன்."

வியாழக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் முல்லைத்தீவிலிருந்து புறப்பட்டாள். மரியநேசன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டான். கடைசிவரை வேண்டாம் என்றுதான் சொன்னான், பஸ் வந்ததும் அவளுடைய பையை வாங்கி ஏற்றியும் விட்டான். மாங்குளம் தாண்டும்வரை அவள் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். எத்தனையாவது மணியில் நிற்கிறோம் என்று மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினாள்.

வவுனியா வங்கியில் அறுநூறு ரூபா எடுத்தாள். கணக்கில் மிஞ்சியது பன்னிரண்டு ரூபா. குறைகிற முந்நூற்று எழுபத்தைந்துக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தவணை கேட்கலாம் என்று நினைத்தாள். பில் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

அலுவலக விறாந்தையில் வாங்கு ஒன்று கிடந்தது. பியோன் அவளை அதில் இருத்தினான். யன்னலுக்கு உள்ளே நீண்ட மேசையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் புத்தகங்களைக் குவித்து வைத்துப் பச்சை மையால் புள்ளடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தில்லைநாதன் இருந்தார். அவர் தலை நிமிர்ந்து யன்னல் வழியாக அவளைக் கண்டார். அவருடைய முகம் சாம்பல்போல ஆனதை அவள் பார்த்தாள். அவர் தலையை மிக மெல்ல இல்லை என்பதுபோல ஆட்டினார்.

எழுந்து போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பஸ் நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. காலை ஊன்றியும் பார்த்தாள். அதற்குள் பியோன் வந்து, கணக்காளர் ஐயா வரட்டாம் என்றான்.

கணக்காளர் கதிர்காமநாதன் நரைத்த தலை, கண்ணாடி, கழுத்துப்பட்டி. இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். பில் ஒன்று, காசு இரண்டு முறை வந்துவிட்டது, மிச்சத்தைத் திருப்பித் தர வந்திருக்கிறேன், ஆனால் முழுக்காசும் கையில் இல்லை. துணியை அவிழ்த்துப் புத்தகங்களை மேசையில் வைத்தாள்.

அவர் வங்கிப் புத்தகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மணியை அடித்து, நாற்பத்தேழாம் பில் வவுச்சர்களைக் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுவந்தவர் தில்லைநாதன். கோவையை வைத்துவிட்டு அவர் போகவில்லை. போகச் சொல்லாததால் சுவரோடு நின்றார். கணக்காளர் இரண்டு பில்லையும் பக்கம் பக்கமாக வைத்தார். ஒரே திகதி, ஒரே இலக்கம், ஒரே தொகை, ஒரே கையெழுத்து. ஏன் இதில் நகல் என்று எழுதவில்லை என்று கேட்டார். ஓவசியர் அவசரப்படுத்தியதை அவள் சொன்னாள். எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டது தன் பிழை என்றும் சொன்னாள்.

"இஞ்சையிருந்து ஆரும் உங்களிட்ட வந்து இதைப்பற்றிக் கதைச்சவையோ?" என்றார் கணக்காளர்.

அவள் சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். பொய் சொன்னால் அதுவும் ஒரு குற்றமாகத் தன் தலையில் ஏறும் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் வேட்டிக் கரையில் சேற்றோடு நின்ற அந்த மனிதரின் மூன்று பிள்ளைகள்.

"வங்கிப் புத்தகத்தில கண்டனான் ஐயா," என்றாள். "கண்டு ரண்டு கிழமையாகுது. பயத்தில வரேல்லை."

அது பொய்யில்லை. கேள்விக்குப் பதிலும் இல்லை. கணக்காளர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார், பிறகு தில்லைநாதனைப் பார்த்தார். அந்தப் பார்வை நீண்டது. பிறகு அவர் தாளுக்குத் திரும்பினார்.

களவு செய்கிறவர் இரண்டாம் பில்லுக்குப் புது இலக்கம் போட்டிருப்பார் என்றார் அவர், யாருக்கென்று இல்லாமல். இலக்கம் ஒன்றாக இருக்கும்போது அதைப் பிடிக்க வேண்டியது அலுவலகம். இது அலுவலகத்துப் பிழையாகத்தான் எழுதப்படும். அதைக் கேட்ட பிறகுதான் றோசம்மா கதிரையில் இருந்தாள்.

இருந்தாலும் குறைக்காசு இருந்தது. அவள் தயங்கித் தயங்கி, மிச்சத்துக்குச் சுண்ணாம்பாகத் தரலாமோ என்று கேட்டாள். கேட்டபிறகுதான் தில்லைநாதன் சொன்னதையே தானும் கேட்டுவிட்டேன் என்று உறைத்தது.

"ஏலாது அம்மா," என்றார் கணக்காளர். "வராத சாமானுக்கு முன்காசு உங்களிட்ட இருக்குதெண்டு நாங்கள் எழுத ஏலாது. இந்த வருசத்துக்கு ஒதுக்கின காசு முப்பதாம் திகதியோட செத்துப்போம். அதுக்கு முன்னம் வந்தால் எடுத்த கணக்கிலயே திரும்பப் போய்ச் சேரும். பிந்தினால் அது வேற வருமானம், அதுக்கு அறிக்கை வேற."

அவள் தலை குனிந்தாள். அவர் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தோராம் இலக்கத்தில் விரலை வைத்தார். ஜூன் மாதம் நூற்றிருபது மூடை, முந்நூற்றுத் தொண்ணூறு ரூபா. இதற்குக் காசு வந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். தில்லைநாதன் கோவையைப் பார்த்து, சாமான் வந்து சேர்ந்ததற்கு ஓவசியரின் அத்தாட்சி இருக்கிறது, காசோலை இன்னும் எழுதவில்லை என்றார். அவர் அன்று அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை அது. கணக்காளர் கையைக் காட்ட, அவர் வெளியே போனார்.

வந்து சேர்ந்த சாமானுக்கு நாங்கள் தரவேண்டிய காசில் கழிக்கலாம், அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும் என்றார் கணக்காளர். ஒரு கடிதத்தை அவரே இங்கிலீசில் சொல்ல, றோசம்மா எழுதினாள். நாற்பத்தேழாம் பில்லுக்கு மேலதிகமாகப் பெற்ற தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அறுநூறைக் காசாகக் கட்டுகிறேன், முந்நூற்று எழுபத்தைந்தை ஐம்பத்தோராம் பில்லில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். எழுதி முடித்து அடியில் கையெழுத்து வைத்தாள்.

அரசாங்க அதிபரின் கச்சேரியில் பணம் வாங்கும் சிறாப்பரின் கம்பிக் கூட்டுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்று காசைக் கட்டினாள். இலக்கம் அடித்த அரசாங்கப் பற்றுச்சீட்டைத் தந்தார்கள். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தபோது தில்லைநாதன் அங்கே நின்றார். சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும். அவர் கிட்ட வரவில்லை. இரண்டு பாகத் தூரம் தள்ளி, வேறு பஸ்ஸைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு கேட்டார்.

"நான் வெளியில போனாப்பிறகு என்ரை பேரைச் சொன்னீங்களோ?"

"இல்லை ஐயா."

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், கணக்காய்வுக்காரரில் ஒருவர் வீதியில் வருவதைக் கண்டு, விறுக்கென்று கடைப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்கு வந்து பற்றுச்சீட்டைக் காட்டியபோது மரியநேசன் அதை வாங்கிப் பில் புத்தகத்துக்குள் வைத்தான். அந்த மாரி கடினமான மாரிதான். விறகு நனைந்து கிடந்தது, சூளை எரியாமல் கிடந்தது. அவன் கொக்கிளாய்க்குப் போய் மற்றவர்களின் வலையில் கூலிக்கு இழுத்தான். நவம்பரில் திணைக்களத்து நீட்டுக் கடித உறை ஒன்று வந்தது. இரண்டு பேரும் அதை மேசையில் வைத்துவிட்டு, பிரிக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மகள்தான் கிழித்தாள். ஐம்பத்தோராம் பில்லில் மீதி, பதினைந்து ரூபாவுக்கு ஒரு காசோலை. அதோடு ஒரு சிறு தாள், எந்தத் தொகை எதில் கழிந்தது என்று தெளிவாக எழுதியிருந்தது.

அதில் ஒப்பம் வைத்திருந்தவர் வேறொரு கிளாக்கர். தைப்பொங்கலுக்குப் பிறகு ஓவசியர் சின்னராசா சுண்ணாம்பு கேட்டு வந்தார். றோசம்மா, வவுனியாவில் இருந்த அந்த யாழ்ப்பாணத்து ஐயா எங்கே என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். அவரை அனுராதபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஒக்ரோபரிலேயே, என்றார் ஓவசியர். ஏன் என்று தெரியாதாம். சிங்களச் சோதனையாக இருக்கலாம், வேறு ஏதாகவும் இருக்கலாம், அரசாங்கத்தில் காரணம் சொல்வார்களா என்றார். பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலாம், அவர் அங்கே தனியாகவாம்.

 அவள் ஓவசியருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தாள். புதிய பில்லை எழுத இருந்தபோது கணக்காளரின் அறையில் நின்ற அந்த நேரம் மனதில் வந்தது. தில்லைநாதன் நின்ற சுவர்ப் பக்கம் தான் தலையைத் திருப்பவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கண்ணைத் திருப்பினேனா என்பதுதான் அவளுக்கு நிச்சயமாக ஞாபகம் வரவில்லை.